உஷார்! மேடு ஏறும்போது தொண்டையை இறுக்குகிறதா?

மேடு ஏறும்போது தொண்டை இறுக்குகிறது, தாடை கனக்கிறது, நெஞ்சின் நடுவில் யாரோ கையை வைத்து அமுக்குவது போலிருக்கிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் விட்டுவிடுகிறது. இப்படி உங்களுக்கு வருகிறதென்றால் முதலில் இருதயத்தைக் காட்டுங்கள். தொண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

லுணுகலையிலும் அடாவத்தையிலும் ஹொப்டனிலும் மடுல்சீமைப் பக்கத்திலும் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் சமதரை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கு ஏற்றம், அங்கிருந்து மலைக்கு ஏற்றம், கோயிலுக்குப் படி, பீலித் தண்ணீருக்கு இறக்கமும் ஏற்றமும். பட்டணத்துக்காரருக்கு இருதயக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க டொக்டர்மார் அவரை ஓடும் பட்டி மேல் ஏற்றி, சரிவைக் கூட்டிக் கூட்டி நடக்கவிடுகிறார்கள். நமக்கு அந்தப் பரிசோதனையைத் தோட்டத்து மலை தினமும் காலையில் செய்கிறது. ஆனால் அது சொல்லும் முடிவைப் பனி என்றும் வாயு என்றும் வெற்றிலைச் சூடு என்றும் தள்ளிவிடுகிறோம்.

எப்படித் தள்ளுகிறோம் என்பதை ஒரு பெண்ணை வைத்துச் சொல்கிறேன். இவர் குறிப்பிட்ட ஒருவர் அல்ல. இந்த வருத்தம் வழக்கமாகப் போகிற பாதையைக் காட்டுவதற்காக நான் உருவாக்கிய ஆள். ஆனால் எந்த டிவிஷனிலும் இவரைப் பார்க்கலாம். 52 வயது. கொழுந்து எடுப்பவர். கொஞ்சம் சீனி வருத்தம் உண்டு, குளிசையை ஒழுங்காகப் போடுவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு புகையிலையோடு வெற்றிலை போடுவார்.

தை மாதத்துக் குளிர் காலை. ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணீரும் வயிற்றுக்குள் போன கையோடு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறார். பாதி வழியில் தொண்டைக்குள் ஒரு இறுக்கம். கீழ்த் தாடையின் இரண்டு பக்கமும் பாரம். பக்கத்தில் வருகிறவள், "என்னாக்கா, நின்னுட்டீங்க?" என்கிறாள். "ஒண்ணுமில்லடி, கூடக் கயிறு எறங்கிருச்சு" என்று சொல்லி, கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுகிறார். கட்டி முடிப்பதற்குள் இறுக்கம் போய்விடுகிறது. பிறகு மாலை வரை ஒன்றுமில்லை. அரைநாள் கொழுந்தோடு மடுவத்துக்கு இறங்கி மறுபடி ஏறும்போதுகூட அவ்வளவாகத் தெரியவில்லை. அதனால் காலைப் பனிதான் காரணம் என்று முடிவு கட்டுகிறார். கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறார்.

இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறார். "தொண்ட வலிக்குதுங்க ஐயா." அவ்வளவுதான் சொன்னார். டோர்ச் அடித்துப் பார்க்கிறார்கள். வெற்றிலை போடுகிற வாய், தொண்டை கொஞ்சம் சிவந்துதான் இருக்கும். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிக் குளிசையும் கொடுக்கிறார்கள். அடுத்த மூன்று நாள் அடைமழை, வேலையில்லை, லயத்தைவிட்டு நகரவில்லை. தொண்டையும் இறுக்கவில்லை. மருந்து கேட்டுவிட்டது என்று நினைக்கிறார். உண்மையில் அந்த மூன்று நாளும் அவர் மேடு ஏறவில்லை, அவ்வளவுதான்.

வேலை தொடங்கியதும் மறுபடி வருகிறது. இந்தத் தடவை தாடையில் கூடுதலாகத் தெரிகிறது. பின்கடைவாய்ப் பல்லில் ஏற்கனவே ஒரு சொத்தை இருந்தது. அதைப் பிடுங்கிவிடுகிறார். பல்லும் போனது, கூலியும் போனது, இறுக்கம் போகவில்லை. இரண்டு மாதத்தில் முன்பு பாதி மலையில் நின்றவர் கால்வாசியிலேயே நிற்கிறார். பிறகு குடத்தோடு லயத்துப் படி ஏறினாலே வருகிறது. ஒரு நாள் இரவு, படுத்திருக்கும்போதே, எந்த வேலையும் செய்யாமலே வருகிறது. அன்றுதான் எல்லோரும் பதறுகிறார்கள்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. தொண்டை வலி என்று சொன்னவருக்குத் தொண்டையைப் பார்த்தார்கள். சொல்லவேண்டிய வாசகம் சொல்லப்படாமல் போனதுதான் கோளாறு. "மேடு ஏறும்போது மட்டும் தொண்டையை இறுக்குது, நின்னா விட்டுருது" என்று முதல் நாளே சொல்லியிருந்தால் டோர்ச்சுக்குப் பதிலாக ஈ.சி.ஜி. வந்திருக்கும். வலி எங்கே வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதுதான் இங்கே நோயைக் காட்டிக்கொடுக்கும்.

இருதயத்தின் வலி ஏன் தொண்டைக்கும் தாடைக்கும் போகிறது? கையில் முள் குத்தினால் எந்த விரலில் குத்தியது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். இருதயத்துக்கு அந்த வசதி கிடையாது. அதிலிருந்து கிளம்பும் வலி நரம்புகள் தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்தில்தான் நெஞ்சுத் தோலிலிருந்தும் இடது கையின் உட்பக்கத்திலிருந்தும் வரும் நரம்புகளும் நுழைகின்றன. இன்னொரு பங்கு வேகஸ் என்ற நீண்ட நரம்பு வழியாக மேலே ஏறிப்போய், கழுத்து, தாடை, தொண்டைச் செய்திகள் சேரும் பகுதியோடு கலக்கிறது. மூளைக்கு ஒரு வலிச்செய்தி வந்து சேர்கிறது. அது இருதயத்திலிருந்து வந்ததா, தாடையிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. வாழ்நாள் முழுக்கத் தாடையிலும் தொண்டையிலும் கையிலும் வலித்துப் பழகிய மூளை, இதையும் அங்கேயே வைத்துவிடுகிறது. தொண்டை சுத்தமாக இருக்கும், பல் சுத்தமாக இருக்கும், ஆனால் அங்கே வலிப்பது நிஜம். நோயாளி பொய் சொல்லவும் இல்லை, கற்பனை செய்யவும் இல்லை.

இது எத்தனை பேருக்கு நடக்கிறது? உருகுவே நாட்டில், இருதயத் தசைக்கு இரத்தம் குறைந்து வந்த 186 நோயாளிகளை விசாரித்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 38 பேருக்குத் தொண்டை, தாடை, முகம் ஆகியவற்றில் ஏதோ ஓரிடத்தில் வலி இருந்திருக்கிறது. நூற்றுக்கு 6 பேருக்கு நெஞ்சில் ஒன்றுமே இல்லை, இந்த இடங்களில் மட்டும்தான் வலி. அந்த இடங்களில் முதலிடம் தொண்டைக்கு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற சினிமாக் காட்சியை மட்டும் மனதில் வைத்திருப்பவர் இந்த ஆறு பேரில் ஒருவராக இருந்தால் தன் நோயைத் தானே அடையாளம் காணமாட்டார்.

மேட்டில் மட்டும் வருவதற்குக் காரணம் இருதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள். கொரோனரி இரத்தக் குழாய்கள் என்பார்கள். வருடக்கணக்கில் கொழுப்பும் சுண்ணாம்பும் உட்சுவரில் படிந்து அவை குறுகுகின்றன. லயத்துக்குத் தண்ணீர் வரும் பழைய குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாசியும் துருவும் பிடித்திருந்தாலும் ஒரு வீட்டுக்காரர் மட்டும் பிடிக்கும்போது தண்ணீர் வரத்தான் செய்யும். காலையில் எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறக்கும்போதுதான் குறை தெரியும். அதேபோல, குழாயின் விட்டத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு அளவுக்கு அடைபட்டிருந்தாலும் சும்மா இருக்கும்போது பலருக்கு ஒன்றும் தெரியாது. மேடு ஏறும்போது இருதயம் வேகமாக அடிக்கிறது, அதற்குக் கூடுதல் இரத்தம் வேண்டும். இருதயத் தசைக்கு இரத்தம் பாய்வது பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவே அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான். வேகம் கூடக் கூட அந்த இடைவேளை சுருங்கிவிடுகிறது. ஆக, தேவை கூடும் நேரத்தில் வரத்துக்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. தசை பட்டினி கிடக்கிறது, வலி கிளம்புகிறது. நின்றதும் துடிப்பு இறங்குகிறது, வலி விடுகிறது.

காலைக் குளிரும் சாப்பிட்ட வயிறும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் வரும். குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது, இருதயம் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளவேண்டும். சாப்பாடு செரிக்கவும் இரத்தம் வேண்டும். முதுகில் சுமை வேறு. இரத்தசோகை இருந்தால் கேட்கவே வேண்டாம். நம் பெண்களில் அது நிறையப் பேருக்கு உண்டு. போகிற இரத்தத்திலேயே பிராணவாயு குறைவு என்றால், குழாய் அதிகம் அடைபடாவிட்டாலும் இறுக்கம் வந்துவிடும்.

இந்த நோயை முதன்முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் லண்டன் டொக்டர் வில்லியம் ஹெபர்டன். 1768இல் டொக்டர்மார் சபையில் வாசித்தார், 1772இல் அச்சில் வந்தது. நடக்கும்போது, அதிலும் மேடு ஏறும்போது, அதிலும் சாப்பிட்ட கையோடு நடக்கும்போது வருகிறது, நின்றால் அந்தக் கணமே மறைகிறது என்று அவர் பதிந்தார். ஈ.சி.ஜி.யும் இல்லை, ஸ்டெதஸ்கோப்கூட இல்லாத காலம். நோயாளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டே கண்டுபிடித்தார். இன்றைக்கும் இந்த நோயைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி அதுதான்.

அதே லண்டனில் ஜோன் ஹன்ட்டர் என்ற பெரிய சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். ஐரோப்பாவில் உடற்கூற்றை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் அன்றைக்குக் குறைவு. 1785 முதல் அவருக்கு வந்த தாக்குதல்களை அவருடைய மைத்துனர் எவரார்ட் ஹோம் பதிந்துவைத்திருக்கிறார். இடது பக்க முகம், கீழ்த்தாடை, தொண்டை, பிறகு இடது கை வழியாகப் பெருவிரல் வரை வலி போனது. சரிவில் ஏறினாலும் படி ஏறினாலும் வரும். கோபமோ கவலையோ வந்தாலும் வரும். ஹன்ட்டரின் மாணவரும், பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்றவருமான எட்வர்ட் ஜென்னர், இது கொரோனரிக் குழாய்களின் கோளாறு என்று சந்தேகித்தார். ஆசிரியரின் மனம் நோகுமே என்று அதை வெளிப்படையாக எழுதாமல் அடக்கிவைத்தார். 1793 ஒக்டோபர் 16ஆம் திகதி, ஹன்ட்டர் வேலை பார்த்த சென் ஜோர்ஜ் ஆஸ்பத்திரியின் கூட்டமொன்றில் வாக்குவாதம் முற்றியது. அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார், அங்கேயே விழுந்து இறந்தார். வயது 65. உடலை அறுத்துப் பார்த்தபோது கொரோனரிக் குழாய்கள் எலும்பு போலக் கட்டிப்போயிருந்தன.

அந்தக் காலத்தில் தெரிந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்றைக்குக் குளிசை இருக்கிறது, கிளினிக் இருக்கிறது, அடைத்த குழாயைத் திறக்க வழி இருக்கிறது. தாடையிலும் தொண்டையிலும் தொடங்குகிற வருத்தம் மட்டும் மாறவில்லை.

சரி, தொண்டையில் வரும் எல்லாமே இருதயமா? இல்லை. தொண்டையின் சொந்த நோய்க்கு அதற்கேயான குணம் உண்டு. எச்சில் விழுங்கினால் வலிக்கும், காய்ச்சல் இருக்கலாம், இருமல் இருக்கலாம். படுத்திருந்தாலும் வலிக்கும், நின்றாலும் வலிக்கும். மேட்டைப் பார்த்து வந்து, நின்றதும் போகாது. வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்குப் புற்றுநோய்ப் பயம் இருக்கும், அந்தப் பயம் நியாயமானது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், சோறு விழுங்கச் சிக்கினால், வாயில் ஆறாத புண்ணோ கழுத்தில் கட்டியோ இருந்தால் கட்டாயம் காட்டவேண்டும். ஆனால் அதுவும் ஏற்றத்தில் வந்து, நின்ற இரண்டு நிமிடத்தில் போகிற நோய் அல்ல. பல் வலி என்றால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று இழுக்கும், கடித்தால் வலிக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம்தான். இருதயத்திலிருந்து வருவது தாடையின் இரண்டு பக்கமும் பாரமாக அமுக்கலாம், ஒரு பக்கம் மட்டும் வந்தாலும் கடிப்பதோடு அதற்குத் தொடர்பிருக்காது.

வயிற்றோடு குழப்பிக்கொள்வதுதான் மிகவும் ஆபத்து. நம் பக்கத்தில் நெஞ்சில் என்ன வந்தாலும் கேஸ்ட்ரைட்டிஸ் என்று ஒரே பெயர். வயிற்றுப் புளிப்பு மேலேறினால் எரியும், குனிந்தால் கூடும், படுத்தால் கூடும், வாயில் புளிப்பு வரும். இருதயத்துடையது பெரும்பாலும் எரியாது. அமுக்கும், இறுக்கும், பாரம் வைத்தது போலிருக்கும். பலர் அதை வலி என்றே சொல்லமாட்டார்கள். "வலி இல்லீங்க, ஒரு மாதிரி இறுக்குது" என்பார்கள். டொக்டர் "நெஞ்சு வலிக்கிறதா?" என்று கேட்டால் உண்மையாகவே "இல்லை" என்று தலையாட்டிவிடுவார்கள். வலி இல்லாவிட்டாலும் இறுக்கத்தைச் சொல்லுங்கள். இன்னொன்று: வயிற்று மருந்து குடித்து ஏப்பம் விட்டதும் சரியாகிவிட்டது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்தைக் குடிக்க உட்கார்ந்தீர்கள் அல்லவா, அந்த உட்கார்தலே இருதய இறுக்கத்தையும் விடுவிக்கப் போதும்.

ஏமாற்றுகிற மற்றொரு விஷயமும் இருக்கிறது. மேலே சொன்ன பெண்ணுக்கு முதல் ஏற்றத்தில் வந்தது, மடுவத்திலிருந்து திரும்பி ஏறும்போது வரவில்லை. இப்படிப் பலருக்கு நடக்கும். முதல் இறுக்கம் வந்து போனபின், கொஞ்ச நேரத்துக்கு இருதயத் தசை ஓரளவு தாங்கிக்கொள்கிறது. வெயில் ஏறிக் குளிரும் விட்டிருக்கும். இதைப் பார்த்து, "உடம்பு சூடானா சரியாயிரும், இருதயமா இருந்தா நாளெல்லாம் வலிக்காதா?" என்று கேட்பார்கள். முதல் ஏற்றத்தில் வந்து பிறகு விடுவது இருதயக் குழாய் அடைப்பின் அறியப்பட்ட குணங்களில் ஒன்று. ஆறுதலுக்கு அதில் இடமில்லை.

சீனி வருத்தம் உள்ளவர்களும் வயதானவர்களும் பெண்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சீனி வருத்தம் நரம்புகளையே கெடுப்பதால் இறுக்கம்கூடத் தெரியாமல் மேட்டில் மூச்சு வாங்குவது மட்டும் வரலாம். பெண்களுக்கும் பெரும்பாலும் நெஞ்சில்தான் வரும். ஆனால் அதோடு தாடை, கழுத்து, முதுகு, ஓங்காளம், தாங்கமுடியாத அசதி என்று சேர்ந்து வரும்போது, மற்றவை முன்னால் நின்று நெஞ்சை மறைத்துவிடுகின்றன.

சரியான வாசகத்தைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், "நோர்மல்" என்றார்கள். அதோடு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். கட்டிலில் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி., இறுக்கம் இல்லாத அந்த நிமிடத்தைத்தான் காட்டும். உழைப்பில் வரும் இருதய இறுக்கம் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சும்மா இருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி.யில் குறை தெரியாது. நோர்மல் ஈ.சி.ஜி.யால் இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. லுணுகலையிலோ பசறையிலோ எடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பதுளை போதனா வைத்தியசாலையின் இருதய கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே நடக்கவிட்டு எடுக்கும் ஈ.சி.ஜி., எக்கோ, தேவைப்பட்டால் குழாய்க்குள் மருந்து விட்டு எடுக்கும் அஞ்சியோகிராம் என்று முடிவு செய்வார்கள். சீனி, கொலஸ்ட்ரோல், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக் நாளைக்கு ஒரு பேர் போகும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு நாள் கூலிக்காகத் தள்ளிப்போட்டவர்களின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்துதான் கேட்கிறேன், போய் வாருங்கள்.

இனி அவசரம். இறுக்கம் புதிதாகத் தொடங்கிச் சில வாரம்தான் ஆகிறது, அல்லது முன்பைவிடக் குறைந்த ஏற்றத்திலேயே வருகிறது, அல்லது அடிக்கடி வருகிறது என்றால் குழாய்க்குள் படிவு கலைய ஆரம்பித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. சும்மா இருக்கும்போதே வந்தால், நின்று உட்கார்ந்தும் ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால், வியர்த்துக் கொட்டினால், வாந்தி வந்தால், தலை சுற்றினால், மாரடைப்பு என்றே எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுங்கள்.

அந்த நேரத்தில் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. காசு கேட்கமாட்டார்கள். தோட்டம், டிவிஷன், ரோட்டிலிருந்து எத்தனையாவது வளைவு, பக்கத்தில் கோயிலா பாடசாலையா கொழுந்து மடுவமா என்று சொல்லுங்கள். லயத்துக்கு வண்டி ஏறாது என்றால் எந்த இடத்துக்கு வரலாம் என்பதையும் சொல்லி, அந்த இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள். நோயாளியை நடக்கவிடாதீர்கள். "மெதுவா நடந்து ரோட்டுக்கு வந்துருவாரு" என்பார்கள், அந்த நடை இருதயத்துக்கு இன்னொரு ஏற்றம். சாய்ந்து உட்காரவையுங்கள். ரோட்டுவரை தூக்கவேண்டுமென்றால் கதிரையில் உட்காரவைத்துத் தூக்குங்கள். அம்புலன்ஸ் தாமதமென்றால் ஓட்டோவிலோ தோட்டத்து லொறியிலோ கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நேரே பதுளைக்கு என்று கிளம்பாதீர்கள். லுணுகலையிலிருந்து பதுளை சுமார் 40 கிலோமீட்டர், முழுக்க வளைவு. மழை நாளில் மண்சரிந்தால் ரோடே இருக்காது. கிட்டவுள்ள ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, முதல் மருந்து கொடுத்து, பதுளைக்குத் தகவல் சொல்லி அவர்களே அனுப்புவது பாதுகாப்பு. அடைத்த குழாயில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பெரிய பலன். 12 மணி நேரம் தாண்டினால் அதனால் பெரும்பாலும் பயனில்லை. காலையில் வந்ததை மாலைவரை கொத்தமல்லியோடு பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஊசியின் காலம் வீட்டிலேயே கழிந்துவிடும்.

காத்திருக்கும்போது 300 மில்லிகிராம் அஸ்பிரின் ஒன்றை மென்று விழுங்கக் கொடுக்கலாம். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்தவர், மலம் கறுத்துப் போகிறவர் என்றால் கொடுக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் 1990இல் பேசுகிறவரையே கேளுங்கள். எல்லார் வீட்டிலும் இருப்பது பெனடோல். அது அஸ்பிரின் அல்ல. இரத்தக்கட்டியை அது ஒன்றும் செய்யாது.

நோய் உறுதியானபின் பலருக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சின்னக் குளிசை கொடுப்பார்கள். ஜி.ரி.என். என்பார்கள். அதை முந்தானையில் முடிந்துவைத்தால் வேலைக்காகாது. வெளிச்சமும் ஈரமும் பட்டால் அந்த மருந்து சக்தி இழக்கும். கடும் நிறக் கண்ணாடிப் போத்தலிலேயே, மூடி இறுக்கி, பஞ்சு எதுவும் உள்ளே வைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள், எட்டு வாரம் கழிந்தால் புதிது வாங்குங்கள். இறுக்கம் வந்தால் முதலில் உட்காருங்கள், ஏனென்றால் அது இரத்த அழுத்தத்தை இறக்கும், நின்றபடி வைத்தால் மலையில் தலைசுற்றி விழுவீர்கள். விழுங்கக்கூடாது, நாக்குக்கு அடியில் கரையவிடுங்கள். தலை கொஞ்சம் இடிக்கும், அது மருந்து வேலை செய்வதன் விளைவு. ஆண்மைக் குறைவுக்காக சில்டெனாபில் வகைக் குளிசை போடுகிறவர் இதைத் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கும். வெட்கத்தை விட்டு டொக்டரிடம் இதைச் சொல்லுங்கள். குளிசை வைத்து ஐந்து நிமிடத்தில் இறுக்கம் விடாவிட்டால், நம்மைப் போல் மலைக்குள் இருப்பவர்கள் இரண்டாவது குளிசையை வைத்துக்கொண்டே 1990க்கு அழைத்துவிட வேண்டும். இறுக்கம் ஜி.ரி.என்.னுக்கு விட்டுவிட்டது என்பதால் மட்டும் இருதயம்தான் என்று நிச்சயிக்கவும் முடியாது, உணவுக்குழாயின் இழுப்பும் அந்தக் குளிசைக்கு விடும். அதனால் கிளினிக்கில் எந்த ஏற்றத்தில் வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, எப்படி விட்டது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

பிள்ளைகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். திகதி, எந்த மலை அல்லது எந்தப் படி, சாப்பிட்ட பிறகா வெறும் வயிறா, எங்கே இறுக்கியது, நின்று எத்தனை நிமிடத்தில் விட்டது. எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளை எழுதிக்கொடுக்கட்டும். டொக்டருக்கு முன்னால் உட்காரும்போது, தொண்டை என்று வாயைத் திறப்பதற்கு முன் அந்தத் தாளை நீட்டுங்கள்.